ஒரே ஒரு டைல் தெரியும் புகைப்படத்திலிருந்து அறைக்கு எத்தனை டைல் வேண்டும் என்று கணக்கிடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டொங்காட்டில் இருக்கும் என் அக்கா, தம் வீட்டு முன்னறைக்குப் புதிய டைல் போட வேண்டும் என்று சென்ற ஆண்டு நவம்பர் இறுதியில் தொலைபேசியில் சொன்னார். டிசம்பர் நடுவில் கட்டுமானத் தொழிலாளர்கள் விடுமுறைக்குப் போய்விட்டால் ஜனவரி வரை ஒருவரும் கிடைக்க மாட்டார்கள் என்பதால், டைல் போடுபவரிடம் அன்றே விலை பேசி வைக்க வேண்டியிருந்தது. நான் இருப்பதோ சாட்ஸ்வொர்த்தில். அக்கா வீட்டில் நீட்டு டேப் இல்லை. கடையிலிருந்து மாதிரிக்காக வாங்கி வந்திருந்த ஒரே ஒரு 400 × 400 மில்லிமீட்டர் டைல் மட்டும் இருந்தது. அந்த டைலைத் தரையில் வைத்து எடுத்த ஒரு படத்தைக் கொண்டே அன்று கணக்குப் போட்டோம். அதே முறையை, இதற்குமுன் இப்படிச் செய்திராதவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

டேப் கையில் இருந்தால் டேப்பாலேயே அளக்க வேண்டும். அதைவிடச் சரியான வழி வேறில்லை. படக் கணக்கு, விலை பேசுவதற்கும் எத்தனை பெட்டி ஏற்ற வேண்டியிருக்கும், பக்கி என்னும் சிறு சரக்கு வண்டி போதுமா என்று முடிவு செய்வதற்கும் உரியது. பணம் கட்டுவதற்கு முன்பு யாராவது ஒருவர் டேப் பிடித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

எளிய வகுத்தல் ஏன் பொய் சொல்கிறது

படத்தைப் பார்த்ததும் பலர் செய்வது இதுதான்: படத்தில் டைல் எவ்வளவு நீளம், தரை எவ்வளவு நீளம் என்று அளந்து ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடுவார்கள். தரையை நேர் மேலிருந்து எடுத்த படமாக இருந்தால் அது சரியே. ஆனால் அறைக்குள் நின்று எடுக்கும் படத்தில் அருகில் இருக்கும் தரை விரிந்தும் தொலைவில் இருக்கும் தரை சுருங்கியும் தெரியும். எங்கள் படத்தில் கேமராவுக்கு அருகிலிருந்த டைலின் முன்விளிம்பிலிருந்து எதிர்ச் சுவர் வரை, அந்த எளிய வகுத்தலின்படி மூன்றே முக்கால் டைலுக்கும் குறைவாகவே வந்தது. உண்மையில் அங்கே ஏழு டைலுக்கு மேல் பிடித்தது. பாதி டைலை மட்டும் வாங்கி வந்து, மீதியை இரண்டு வாரம் கழித்து வாங்கப் போனால், அதே பெயரும் அதே அளவும் கொண்ட டைல் வேறு நிறத் தொகுப்பில் கிடைக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். எங்கள் வீட்டு சமையலறையில் முன்பொருமுறை அப்படி நேர்ந்ததை நான் இன்றும் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே சுருக்கத்தைக் கணக்கில் கொண்டுவர வேண்டும். அதற்குத் தேவையானது ஒரு புள்ளி மட்டுமே. தண்டவாளங்கள் தொலைவில் ஒன்று சேர்வதுபோலத் தெரிவதை அறிவோம் அல்லவா? அறையின் இடப்பக்கச் சுவரும் வலப்பக்கச் சுவரும் தரையைத் தொடும் இரண்டு கோடுகளையும் படத்தில் நீட்டினால் அவையும் அப்படியே ஓரிடத்தில் சந்திக்கும். அந்த இடத்தை மறைபுள்ளி என்று கொள்வோம். நேராக எடுத்த படத்தில், தரையில் கிடக்கும் ஒரு டைல் எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பது, அது இருக்கும் வரிசை மறைபுள்ளியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைப் பொறுத்தது: அந்தத் தூரம் பாதியானால் டைலின் அகலமும் பாதியாகத் தெரியும். கணக்கு முழுவதும் இந்த ஒரே உறவின்மேல் நிற்கிறது.

படத்தை எடுக்கும் விதம்

படம் எடுக்கும் முன்பு டைலைக் குச்சி அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும். பெட்டியில் 400 என்று அச்சிட்டிருந்தாலும் டைலின் உண்மையான பக்கம் ஓரிரு மில்லிமீட்டர் குறைவாக இருப்பதுண்டு. எங்களுடையது சரியாக 400 இருந்தது.

அடுத்ததாக, கேமரா பிடிப்பவர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் அவருடைய காலடித் தரை படத்தில் விழாது. அந்தத் தெரியாத பகுதியை டைலைக் கொண்டே அளந்துகொள்ளலாம். அவர் நிற்கும் பக்கத்துச் சுவரை ஒட்டி டைலை வைத்து, அதன் மறுவிளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, டைலை எடுத்து அந்தக் கோட்டுக்கு ஒட்டினாற்போல் மீண்டும் வைத்து, இப்படியே நான்கு முறை நகர்த்திவிட்டு, ஐந்தாவது இடத்தில் டைலை அப்படியே விட்டுவிட வேண்டும். இப்போது டைலின் முன்விளிம்பு சுவரிலிருந்து நான்கு டைல், அதாவது 1,600 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது நமக்கு உறுதியாகத் தெரியும். டைலின் பக்கங்கள் சுவர்களுக்கு இணையாக இருக்க வேண்டும். கம்பளத்தின்மேல் வைக்கக் கூடாது.

படம் எடுத்தவன் அக்காவின் மகன். “மாமா, சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறேன், தலையெல்லாம் திரைச்சீலைக்குள் இருக்கிறது, போதுமா?” என்று கேட்டான். போதும், அதைவிட முக்கியமானவை மூன்று. கைபேசியைப் படுக்கை வாட்டில், நெஞ்சுக்குச் சற்று மேலே, எதிர்ச் சுவரின் நடுவை நேராகப் பார்த்துப் பிடிக்க வேண்டும். பிறகு டைலும் எதிர்ச் சுவரின் அடியும் இரண்டும் தெரியும்வரை கைபேசியின் முகத்தைக் கீழ்நோக்கிச் சாய்க்கலாம். அப்படிச் சாய்ப்பதால் கணக்குக் கெடாது. இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்பினால்தான் கெடும். மூன்றாவதாக, 0.5 என்று திரையில் காட்டும் அகன்ற லென்ஸை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது அறை முழுவதையும் காட்டிவிடுவதால் எல்லோரும் ஆசைப்படுவார்கள், ஆனால் ஓரங்களில் நேர்க்கோடுகள் வளைந்துவிடலாம். வளைந்த கோடுகளிலிருந்து மறைபுள்ளியைக் கண்டுபிடிக்க முடியாது.

படம் வந்ததும் எதிர்ச் சுவரின் அடிக்கோடும் டைலின் முன்விளிம்பும் படத்தின் கீழ் ஓரத்துக்கு இணையாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அவற்றில் ஒன்று சாய்ந்திருந்தாலும், கேமரா திரும்பியிருக்கிறது, அல்லது டைல் கோணலாகக் கிடக்கிறது என்று பொருள். அந்தப் படத்தைச் சரிசெய்ய முயல்வதைவிட மீண்டும் எடுக்கச் சொல்வதே நல்லது. எங்களுக்கு மூன்றாவது படம்தான் சரியாக அமைந்தது.

படத்தில் அளப்பது

படத்தை ஏ4 தாளில் முழுப் பக்கத்துக்கு அச்சிட்டு, கூர்மையான பென்சிலும் நீளமான அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கச் சுவர்களும் தரையைத் தொடும் கோடுகளை மேல்நோக்கி நீட்டி, அவை வெட்டும் இடத்தில் புள்ளி வையுங்கள். சுவரோரத்தில் ஸ்கர்ட்டிங் இருந்தால் அதன் அடிவிளிம்பைப் பின்பற்ற வேண்டும், மேல் விளிம்பை அல்ல. புள்ளி தாளுக்கு வெளியே விழுந்தால் பின்னால் ஒரு பெரிய தாளை ஒட்டிக்கொள்ளலாம்.

டைலின் இரண்டு பக்கவிளிம்புகளை நீட்டினாலும் அதே புள்ளி வர வேண்டும்தானே, பின் ஏன் சுவரைத் தேட வேண்டும் என்ற கேள்வி எழலாம். கொள்கையளவில் அது சரி. ஆனால் எங்கள் படத்தில் டைலின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே இருந்தது 27 மில்லிமீட்டர் மட்டுமே. அவ்வளவு குட்டையான கோட்டை 175 மில்லிமீட்டர் தூரத்துக்கு நீட்டும்போது, டைலின் அகலத்தை அளப்பதில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே புள்ளி 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இடம் பெயர்ந்துவிடும். அறையின் நீளத்தில் கால் மீட்டர் பிழை வந்துவிடும். சுவர்க்கோடுகள் நீளமானவை என்பதால் அந்த ஆபத்து இல்லை. திசையைச் சுவரிடமிருந்தும் அளவை டைலிடமிருந்தும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இம்முறையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது.

புள்ளி சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. மறைபுள்ளி எப்போதும் கேமரா இருந்த உயரத்தில்தான் எதிர்ச் சுவரின்மேல் விழும். கைபேசியை 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால், அந்தச் சுவரில் உள்ள கதவின் கைப்பிடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் மேலே புள்ளி இருக்க வேண்டும். கைப்பிடிக்குக் கீழேயோ கதவின் உச்சியிலோ விழுந்தால் எங்கோ கோடு தவறாக நீட்டப்பட்டிருக்கிறது.

இப்போது மறைபுள்ளியிலிருந்து நேர் கீழ்நோக்கி மூன்று தூரங்களை அளக்க வேண்டும். டைலின் முன்விளிம்பு இருக்கும் வரிசை வரை உள்ள தூரத்தை அ என்றும், டைலின் பின்விளிம்பு வரை உள்ளதை ஆ என்றும், எதிர்ச் சுவரின் அடி வரை உள்ளதை இ என்றும் குறித்துக்கொள்வோம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. டைலுக்குக் கனம் உண்டு. முன்பக்கத்தில் அந்தக் கனம் ஒரு மெல்லிய பட்டையாகத் தெரியும், பின்பக்கத்தில் தெரியாது. முன்னால் தரையைத் தொடும் விளிம்பையும் பின்னால் மேற்பரப்பின் விளிம்பையும் எடுத்தால் டைல் அதன் உண்மை நீளத்தைவிடப் பெரிதாகத் தெரிந்து, அறை சிறியதாகக் கணக்காகிவிடும். இரண்டிலும் மேற்பரப்பின் விளிம்பையே எடுக்க வேண்டும்.

எங்கள் படத்தில் அ 175, ஆ 148, இ 75.5 மில்லிமீட்டர். டைலின் முன்விளிம்பிலிருந்து எதிர்ச் சுவர் வரை எத்தனை டைல் என்பதற்குரிய வாய்பாடு இது:

```
டைல் = (அ − இ) × ஆ ÷ (இ × (அ − ஆ))
     = (99.5 × 148) ÷ (75.5 × 27)
     = 7.22
```

7.22 டைல் என்பது 400 மில்லிமீட்டர் கணக்கில் 2,890 மில்லிமீட்டர். அதனுடன் நாம் ஏற்கெனவே டைலை நகர்த்தி அளந்த 1,600 மில்லிமீட்டரைச் சேர்த்தால் அறையின் நீளம் 4,490 மில்லிமீட்டர்.

அகலத்துக்கு எதிர்ச் சுவரையே எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் அதன் இரு மூலைகளும் படத்தில் தெரிகின்றன. படத்தில் டைலின் முன்விளிம்பு 42.5 மில்லிமீட்டர் அகலம் இருந்தது. அதே டைலை எதிர்ச் சுவரின் அடியில் கொண்டுபோய் வைத்திருந்தால், முன்பு சொன்ன உறவின்படி அது 42.5 × 75.5 ÷ 175, அதாவது 18.3 மில்லிமீட்டர் அகலமாகத் தெரிந்திருக்கும். எதிர்ச் சுவரின் அடிக்கோடு மூலைக்கு மூலை 164 மில்லிமீட்டர் இருந்தது. ஆகவே அகலம் 8.94 டைல், அதாவது ஏறத்தாழ 3,580 மில்லிமீட்டர்.

எவ்வளவு நம்பலாம்

மூன்று தூரங்களில் மிகவும் கவனமாக எடுக்க வேண்டியது ஆ. அதை 148-க்குப் பதிலாக 148.5 என்று படித்திருந்தால் 2,890 என்பது 2,954 ஆகியிருக்கும். அரை மில்லிமீட்டர்ப் பிசகு ஆறு சென்டிமீட்டராக வளர்ந்துவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்த்தால், மறைபுள்ளியே இரண்டு மில்லிமீட்டர் மேலே போயிருந்தாலும் பிழை நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவுதான். எனவே ஒரே படத்தில், முந்தைய அளவைப் பார்க்காமல், மூன்று முறை அளந்து சராசரி எடுக்குமாறு சொல்வேன். இருவர் தனித்தனியாக அளந்தால் இன்னும் நல்லது. கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்து விளிம்பு எங்கே முடிகிறது என்று உறுதி செய்துகொண்டு அச்சில் குறிப்பதும் உதவும்.

டைல் சிறியதாகவும் அறை பெரியதாகவும் இருந்தால் இந்தப் பிழை பெருகும். 200 மில்லிமீட்டர் டைலை வைத்து ஆறு மீட்டர் மண்டபத்தைக் கணக்கிட நான் துணிய மாட்டேன். எல் வடிவ அறையையும் ஒரே படத்தில் அடக்க முடியாது. அதை இரண்டு செவ்வகங்களாகப் பிரித்து இரண்டு படம் எடுக்க வேண்டும். பழைய வீடுகளில் எதிரெதிர்ச் சுவர்கள் சரியாக இணையாக இல்லாமல் இருப்பதும் உண்டு. அத்தகைய அறையில் மறைபுள்ளி நடுவிலிருந்து விலகி விழும், உயரச் சோதனையிலும் தேறாமல் போகலாம்.

டைல் எண்ணிக்கைக்கு வருவது

பரப்பளவை டைலின் பரப்பளவால் வகுத்தால் 16.07 ÷ 0.16, அதாவது நூறு டைலுக்குச் சற்று மேல் வருகிறது. இந்த எண்ணை வைத்துக் கடைக்குப் போகக் கூடாது, ஏனென்றால் வெட்டிய துண்டுகளில் பெரும்பாலானவை வேறெங்கும் பொருந்துவதில்லை. வரிசை வரிசையாக எண்ணுவதே சரி. டைலுக்கு டைல் 3 மில்லிமீட்டர் கிரவுட் இடைவெளி விடுவதாக இருந்தால் ஒவ்வொரு டைலும் 403 மில்லிமீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும். அகலத்தில் 3,580 ÷ 403 என்பது 8.88, ஆக ஒன்பது டைல். நீளத்தில் 4,490 ÷ 403 என்பது 11.14, அதாவது பதினொரு முழு டைலும் 57 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு கீற்றும்.

அந்தக் கீற்றைச் சுவரோரத்தில் ஒட்டினால் பார்க்க அசிங்கமாக இருக்கும். அவ்வளவு மெல்லிய துண்டை உடையாமல் வெட்டுவதும் கடினம். அனுபவமுள்ளவர் நடுவில் பத்து முழு டைலை வைத்து, இரு கோடியிலும் 230 மில்லிமீட்டர் துண்டுகள் வருமாறு வரிசையை நகர்த்திவிடுவார். ஒவ்வொரு துண்டும் பாதி டைலைவிடப் பெரியது என்பதால் ஒரு டைலிலிருந்து இரண்டு துண்டுகள் கிடைக்கா. ஆகவே நீளத்துக்குப் பன்னிரண்டு, அகலத்துக்கு ஒன்பது, மொத்தம் 108.

இந்த இடத்தில்தான் படக் கணக்கின் எல்லை நன்றாகத் தெரிகிறது. அறை உண்மையில் 4,400 மில்லிமீட்டராக இருந்தால் பதினொரு வரிசையே போதும். இரண்டு விழுக்காட்டுப் பிழைக்குள் அந்த வாய்ப்பு இருக்கிறது. படத்தால் இதைத் தீர்மானிக்க முடியாது. கணக்கு முழு எண்ணுக்கு மிக அருகில் விழும்போதெல்லாம் கூடுதலான வரிசையையே விலைக் கணக்கில் சேர்த்து, டேப் அளவு வந்தபின் குறைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

108-உடன் கதவு நிலையின் அடியில் வரும் துண்டுக்காக ஒன்று, வெட்டும்போது உடைவதற்காக ஐந்து என்று சேர்த்து 114 என்று கொண்டோம். பரப்பளவு வழியில் கணக்கிடுபவர்கள் வழக்கமாகப் பத்து விழுக்காடு கூட்டுவார்கள். நாம் வெட்டுத் துண்டுகளை ஏற்கெனவே முழு டைலாக எண்ணிவிட்டதால் அவ்வளவு தேவையில்லை. சாய்சதுரமாகப் போடுவதென்றால் இந்த வரிசைக் கணக்குப் பொருந்தாது. அப்போது பரப்பளவை எடுத்து அதற்குப் பதினைந்து விழுக்காடு கூட்ட வேண்டும். அக்கா பார்த்திருந்த டைல் பெட்டிக்குப் பன்னிரண்டு என்று வந்ததால் பத்துப் பெட்டி என்று டைல் போடுபவரிடம் சொல்லி விலை பேசினோம்.

அடுத்த சனிக்கிழமை அவர் டேப்புடன் வந்து அளந்தபோது அறை 4,500-க்கு 3,600 இருந்தது. வரிசை எண்ணிக்கை மாறவில்லை. கடையில் பத்துப் பெட்டிகளிலும் ஒரே நிறத் தொகுப்பு எண் இருப்பதைப் பார்த்துத்தான் வண்டியில் ஏற்றினோம். வேலையில் மூன்று டைல் உடைந்தது. மிஞ்சிய எட்டு டைலையும், தொகுப்பு எண் அச்சிட்ட பெட்டியின் அட்டையைக் கிழித்து அதனுடன் சேர்த்துக் கட்டி, அக்கா மாடிப்படியின் அடியில் வைத்திருக்கிறார்.